பேரவை அறிவிப்பில் ஒரு வரி: கடன் உச்சவரம்பு நாலு மாதம் தள்ளிப்போனது எப்படி

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்தேன். ஆறு அலுவலகங்களில் பரவிக் கிடந்த 412 உறுப்பினர்கள். மாதச் சந்தாவும் கடன் தவணையும் சம்பளத்தில் பிடித்தமாகி வந்துவிடும். அன்றாடக் கணக்கில் எங்களுக்குப் பெரிய சிக்கல் எதுவும் இருந்ததில்லை. சிக்கல் வந்தது ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் அனுப்பும் ஒரு பக்கத் தாளில்தான்.

2018 செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண்டுப் பேரவை. அதற்கான அறிவிப்பை முந்தைய ஆண்டின் தாளைப் பார்த்துத் தேதியை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்தேன். பொருள்நிரலில் வழக்கமான ஐந்து பொருள்கள். அந்த ஆண்டு புதிதாக ஆறாவதாக ஒரு வரி சேர்த்தேன்: "துணைவிதி திருத்தம் குறித்து விவாதித்தல்." ஏழாவது, எல்லா ஆண்டும் போல, "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்".

அந்த ஆறாவது வரிக்குப் பின்னால் இருந்தது உறுப்பினர்கள் இரண்டு ஆண்டாகக் கேட்டுவந்த விஷயம். சாதாரணக் கடனின் உச்சவரம்பு ஏழு லட்சமாக இருந்தது, அதைப் பத்து லட்சமாக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் சம்மதம். பேரவையிலும் யாரும் எதிர்க்கப் போவதில்லை என்று நினைத்ததால் அந்த வரியை எப்படி எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை.

கூட்டம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. வருகைப் பதிவேட்டில் 163 கையெழுத்து. ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை, லாபப் பிரிவினை, வரவு செலவுத் திட்டம் எல்லாம் முடிய மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. வெளியே சாப்பாட்டுப் பொட்டலமும் அந்த ஆண்டின் அன்பளிப்பான எவர்சில்வர் தூக்குவாளியும் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆறாவது பொருளுக்கு வரும்போது பின்வரிசைகள் காலி. தலைவர், "கடன் உச்சவரம்பைப் பத்து லட்சமாக உயர்த்தலாமா?" என்று கேட்டார். இருந்தவர்கள் கை தட்டினார்கள். தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியது இது:

"கடன் உச்சவரம்பை ரூ.10 லட்சமாக உயர்த்தி துணைவிதியைத் திருத்த ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இந்தத் தீர்மானத்தின் நகலோடு திருத்தத்தைப் பதிவு செய்யக் கேட்டு சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். பேரவை நிறைவேற்றிவிட்டாலே துணைவிதி மாறிவிடாது. பதிவாளர் பதிவு செய்த பிறகுதான் திருத்தம் செல்லும். இது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. நவம்பரில் எங்கள் கோப்பு திரும்பி வந்தது.

திருப்பியதற்குக் காரணம் மூன்று கேள்விகள். எந்தத் துணைவிதி, அதில் எந்தச் சொற்களுக்குப் பதிலாக எந்தச் சொற்கள்? திருத்த வாசகம் அறிவிப்போடு உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டதா? அந்தப் பொருள் எடுக்கப்பட்டபோது அவையில் இருந்தவர்கள் எத்தனை பேர், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை?

நேரில் போய் விளக்கிவிடலாம் என்று போனேன். அங்கிருந்த சார்பதிவாளர் பொறுமையானவர். என் தீர்மானத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். "சார், உங்க சங்கத்தைப் பத்தி எதுவும் தெரியாத ஒருத்தர் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வச்சுக்கிட்டு துணைவிதிப் புத்தகத்தை எடுத்தா, எங்க எதை அடிச்சு எதை எழுதணும்னு தெரியணும். இதுல தெரியலையே" என்றார். அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் துணைவிதிப்படி கோரம் மொத்த உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்கு. 412-க்கு 82.4 வரும், அதனால் 83 பேர் இருக்க வேண்டும். துணைவிதித் திருத்தத்துக்கு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும். காலையில் கையெழுத்துப் போட்டவர்கள் 163. ஆனால் அந்தப் பொருளின்போது அரங்கில் இருந்தவர்கள் எழுபது பேர்கூட இருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இயக்குநர் ஒருவர், "163 பேர், அனைவரும் ஆதரவுன்னு எழுதி அனுப்பிடுங்க, யாரு கேக்கப்போறா?" என்றார். நான் மறுத்துவிட்டேன். எண்ணாத வாக்கை எண்ணியதாக எழுதினால், நாளைக்கு ஒரு கடன் வராமல் போய் வழக்கென்று நின்றால், அந்தக் கடன் கொடுத்த அதிகாரமே இல்லாமல் போகும். தலைவரும் என் பக்கம் நின்றார். 2019 ஜனவரி 20 அன்று சிறப்புப் பேரவை கூட்டுவது என்று முடிவானது.

பழைய வாசகத்தைப் பக்கத்தில் வைத்தபோது தெரிந்தது

இந்த முறை துணைவிதிப் புத்தகத்தை எடுத்து, இருக்கும் வாசகத்தை அப்படியே ஒரு தாளின் இடப்பக்கம் எழுதினேன்.

"31(ஆ): உறுப்பினர் ஒருவருக்கு வழங்கப்படும் சாதாரணக் கடன் ரூ.7,00,000 அல்லது அவருடைய மொத்த மாத ஊதியத்தின் 20 மடங்கு, இவற்றில் எது குறைவோ அத்தொகைக்கு மிகாமல் இருக்க வேண்டும்."

எழுதிவிட்டு வலப்பக்கம் ஏழுக்குப் பதிலாகப் பத்து என்று போடப் போனவன் நின்றுவிட்டேன். இருபது மடங்கு என்ற சொல்லை இத்தனை நாள் யாருமே பேசவில்லை. ஏழு லட்சத்தை இருபதால் வகுத்தால் 35,000. அதாவது மாத ஊதியம் 35,000 ரூபாய்க்குக் கீழே உள்ளவருக்கு ஏழு லட்சம் என்ற வரம்பு தடையே இல்லை, அவருக்குத் தடை இருபது மடங்குதான். 32,000 ஊதியம் உள்ளவருக்கு 6,40,000 கிடைக்கும். உச்சவரம்பைப் பத்து லட்சமாக்கினாலும் அவருக்கு அதே 6,40,000தான். எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கும் மேலே அந்த ஊதிய வரிசையில் இருந்தார்கள். கடனுக்கு அதிகமாக அலைந்தவர்களும் அவர்கள்தான். செப்டம்பர் தீர்மானம் அப்படியே பதிவாகியிருந்தால் கை தட்டியவர்களில் பலருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது.

புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை "ஏழு லட்சம்" என்ற சொல்லைத் தேடிப் படித்தேன். 33-ஆவது விதியில் ஜாமீன் பற்றிய இடத்தில் மறுபடி வந்தது: "ரூ.7,00,000 வரையிலான கடனுக்கு இரண்டு உறுப்பினர்களின் ஜாமீன்". 31-ஐ மட்டும் மாற்றியிருந்தால் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு எத்தனை ஜாமீன் என்று விதியில் பதிலே இருந்திருக்காது. ஒரு எண்ணை மாற்றும்போது அந்த எண் வேறு எந்த விதியில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

நிர்வாகக் குழுவில் இந்தத் தாளை வைத்தோம். 25 மடங்கு என்று முடிவானது, 32,000 ஊதியத்துக்கு எட்டு லட்சம் வரும். ஏழுக்கு மேற்பட்ட கடனுக்கு மூன்று ஜாமீன். அப்புறம் அறிவிப்பில் அந்தப் பொருள் இப்படிப் போனது:

> பொருள் 1: துணைவிதி எண் 31(ஆ) மற்றும் 33 ஆகியவற்றுக்கு நிர்வாகக் குழு பரிந்துரைத்துள்ள திருத்தங்களைப் பரிசீலித்து, திருத்தத்துடனோ திருத்தமின்றியோ நிறைவேற்றுதல். (இருக்கும் வாசகம், திருத்திய வாசகம், திருத்தத்துக்கான காரணம் அடங்கிய இணைப்பு 1 காண்க.)

இதில் இரண்டு சொற்களை வேண்டுமென்றே வைத்தேன். "நிறைவேற்றுதல்" என்பது ஒன்று. "விவாதித்தல்" என்று மட்டும் போட்டால், விவாதித்துவிட்டுப் போவதற்குத்தான் உறுப்பினரை அழைத்திருக்கிறோம். "வெறும் பேச்சுதான் என்று நினைத்து வரவில்லை, அன்றே வாக்கெடுப்பு என்று தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதற்கு நம்மிடம் பதில் இல்லை. இன்னொன்று "திருத்தத்துடனோ திருத்தமின்றியோ". அது இல்லாவிட்டால் கூட்டத்தில் யாராவது 25 வேண்டாம், 22 மடங்கு போதும் என்று கேட்கும்போது, அறிவித்த வாசகத்தை மாற்றலாமா கூடாதா என்ற சண்டையிலேயே நேரம் போய்விடும். ஆனால் இந்தச் சொல்லுக்கும் எல்லை உண்டு. அறிவித்த பொருளின் உள்ளேதான் மாற்றலாம். கடன் வரம்பைப் பற்றிய பொருளில் வட்டி விகிதத்தை நுழைக்க முடியாது. அதற்குத் தனிப் பொருள் வேண்டும்.

எண்ணியதும் எழுதியதும்

சிறப்புப் பேரவையில் சாப்பாடு மட்டும், அன்பளிப்பு கிடையாது. அதனால் 118 பேர்தான் வந்தார்கள். பொருளை எடுக்கும் முன் கதவருகே இருந்த எழுத்தர் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டு, அரங்கில் தலைகளை எண்ணி, 118 என்று எழுதித் தலைவரிடம் நீட்டினார். இணைப்பு வாசகத்தை நான் முழுவதுமாக வாசித்தேன். ஒரு உறுப்பினர் எழுந்து, "சார், என் சம்பளம் முப்பத்திரண்டு. இதுல எனக்கு என்ன கூடும்?" என்று கேட்டார். 6,40,000 எட்டு லட்சமாகும் என்றேன். செப்டம்பரில் இந்தக் கேள்வி வந்திருந்தால் நான் திணறியிருப்பேன். இன்னொருவர் மூன்றாவது ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லி எதிர்த்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் பேச்சையும் ஒரு வரியில் குறித்துக்கொண்டேன்.

கை உயர்த்தி வாக்கெடுப்பு. வரிசைக்கு ஒருவராக இரண்டு பேர் தனித்தனியே எண்ணினார்கள். ஆதரவு 97, எதிர்ப்பு 14, நடுநிலை 7. எங்கள் விதியில் "வந்திருந்து வாக்களித்தவர்களில்" என்று இருப்பதால் நடுநிலையாளர்கள் கணக்கில் வரமாட்டார்கள். 97-ம் 14-ம் சேர்ந்து 111. அதில் மூன்றில் இரண்டு 74. 97 தாராளமாகப் போதும். உங்கள் விதியில் "வந்திருந்தவர்களில்" என்று மட்டும் இருந்தால் கணக்கு 118-க்குப் போடவேண்டும், 79 பேர் தேவைப்படும். எங்களுக்கு இரண்டிலும் தேறியது. வாக்கு நெருக்கமாக விழுந்தால் அந்த ஒரு சொல்லிலேயே தீர்மானம் நிற்கும் அல்லது விழும்.

தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வாசகம் இது:

> தீர்மானம் எண் 1. நிர்வாகக் குழுவின் பரிந்துரை பரிசீலிக்கப்பட்டது. சங்கத் துணைவிதி எண் 31(ஆ)-இல் "ரூ.7,00,000" என்பதற்குப் பதிலாக "ரூ.10,00,000" எனவும், "20 மடங்கு" என்பதற்குப் பதிலாக "25 மடங்கு" எனவும் மாற்றியமைக்கவும், துணைவிதி எண் 33-இன் இறுதியில் "ரூ.7,00,000-க்கு மேற்பட்ட கடனுக்கு மூன்று உறுப்பினர்களின் ஜாமீன் பெறப்பட வேண்டும்" என்னும் வாக்கியத்தைச் சேர்க்கவும் தீர்மானிக்கப்பட்டது.
>
> இத்திருத்தங்கள் பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்து பெறப்படும் கடன் விண்ணப்பங்களுக்குப் பொருந்தும்.
>
> திருத்தங்களைப் பதிவுக்கு அனுப்பவும், பதிவு தொடர்பாகக் கேட்கப்படும் விவரங்களை அளிக்கவும் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. பொருள் மாறும்படியான மாற்றம் எதுவும் கோரப்பட்டால் அது மீண்டும் பேரவையின் முன் வைக்கப்பட வேண்டும்.
>
> பொருள் எடுக்கப்பட்டபோது அவையில் இருந்தோர் 118. ஆதரவு 97, எதிர்ப்பு 14, நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பெரும்பான்மையுடன் நிறைவேறியது.
>
> முன்மொழிந்தவர்: உறுப்பினர் எண் …… வழிமொழிந்தவர்: உறுப்பினர் எண் ……

"பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்து பெறப்படும் விண்ணப்பங்களுக்கு" என்ற சொற்றொடர் ஏன் என்றால், ஏற்கெனவே ஏழு லட்சத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் இருபதுக்கு மேல் இருந்தார்கள். தேதி சொல்லாமல் விட்டால் அவர்களுக்குப் பழைய வரம்பா புதிய வரம்பா என்று ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வாக்குவாதம் வந்திருக்கும். அவர்களிடம், வேண்டுமானால் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாகக் கொடுங்கள் என்று சொல்ல முடிந்தது.

"ஏகமனதாக" என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் உண்மையிலேயே எதிர்ப்பு இல்லாதபோது மட்டும் எழுதினேன். அப்போதும் அவையில் எத்தனை பேர் என்ற எண்ணோடு.

நாட்களை எண்ணுவது

அடுத்த ஆண்டுப் பேரவை 2019 செப்டம்பர் 22. எங்கள் துணைவிதி "15 முழு நாட்களுக்குக் குறையாத" அறிவிப்பு கேட்டது. முழு நாட்கள் என்றால் அறிவிப்பு கிடைத்த நாளும் கூட்டம் நடக்கும் நாளும் சேராது. கூட்டம் 22 என்றால் 21-இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 7-ஆம் தேதியோடு பதினைந்து நாள் நிறைகிறது. அப்படியானால் கடைசி உறுப்பினர் கைக்கு 6-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அறிவிப்பு போயிருக்க வேண்டும். தாளில் 6 என்று தேதி போட்டு 10-ஆம் தேதி கொடுப்பதில் பயன் இல்லை. நாங்கள் 2-ஆம் தேதியே அச்சடித்து முடித்தோம்.

கொடுத்ததற்கு ஆதாரம் இதைவிட முக்கியம். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் உறுப்பினர் எண், பெயர், கையொப்பம், தேதி என்று நான்கு பத்தியில் பட்டியல் போட்டு, சம்பளப் பிரிவில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். விடுப்பில் இருந்தவர்கள் பதினொரு பேர், அவர்களுக்குப் பதிவுத் தபால். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம், ஆனால் அதைக் கூடுதல் தகவலாகத்தான் வைத்துக்கொண்டோம். எங்கள் துணைவிதி "நேரில் அல்லது தபாலில்" என்று சொல்லும்போது நீல டிக் கையொப்பத்துக்கு ஈடாகாது. உங்கள் விதியில் எந்த வழி சொல்லப்பட்டிருக்கிறதோ அந்த வழியில் அனுப்பிவிட்டு, மற்றதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்களும் கோரமும் அப்படித்தான். இங்கே நான் சொல்லும் 15-உம் ஐந்தில் ஒரு பங்கும் எங்கள் புத்தகத்தில் இருந்தவை.

அந்த ஆண்டு அறிவிப்பு முழுவதும் கீழே. பெயரையும் இடத்தையும் எடுத்துவிட்டேன்.

> ஆண்டுப் பேரவைக் கூட்ட அறிவிப்பு
>
> நாள்: 2.9.2019
>
> நமது சங்கத்தின் 2018-19ஆம் ஆண்டுக்கான ஆண்டுப் பேரவைக் கூட்டம் 22.9.2019 ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்கு …… கூட்ட அரங்கில் சங்கத் தலைவர் தலைமையில் நடைபெறும். 29.8.2019 நாளிட்ட நிர்வாகக் குழுத் தீர்மானம் எண் 3-இன்படி இக்கூட்டம் கூட்டப்படுகிறது. உறுப்பினர்கள் அடையாள அட்டையுடன் குறித்த நேரத்தில் வந்து கலந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> பொருள்நிரல்
>
> 1. 23.9.2018 ஆண்டுப் பேரவை, 20.1.2019 சிறப்புப் பேரவை ஆகியவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளை உறுதி செய்தல்.
> 2. 2018-19 ஆண்டறிக்கையை ஏற்றுக்கொள்ளுதல் (இணைப்பு 1).
> 3. தணிக்கை செய்யப்பட்ட லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை, தணிக்கை அறிக்கை ஆகியவற்றைப் பரிசீலித்து ஏற்றுக்கொள்ளுதல். தணிக்கைக் குறைபாடுகளுக்கான நிவர்த்தி அறிக்கைக்கு ஒப்புதல் அளித்தல் (இணைப்பு 2).
> 4. 2018-19 நிகர லாபத்தைப் பிரித்தல், பங்கு ஈவுத் தொகையை முடிவு செய்தல் (இணைப்பு 3).
> 5. 2019-20 வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தல் (இணைப்பு 4).
> 6. உறுப்பினர்கள் 15.9.2019-க்குள் எழுத்து மூலம் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் அளித்தல்.
> 7. தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள். (துணைவிதித் திருத்தம், உறுப்பினர் நீக்கம், பணச் செலவு ஆகியவை இதன்கீழ் எடுக்கப்படமாட்டா.)
>
> கணக்குகளும் இணைப்புகளும் சங்க அலுவலகத்தில் வேலை நேரத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.
>
> செயலாளர்

வினைச்சொற்களைப் பாருங்கள். உறுதி செய்தல், ஏற்றுக்கொள்ளுதல், ஒப்புதல் அளித்தல், முடிவு செய்தல் எல்லாம் ஒன்றில்லை. பழைய நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்கிறோம் என்றால், அன்று நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறோம். அன்று எடுத்த முடிவை மறுபடி விவாதிக்கும் இடம் அதுவல்ல. ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் முதல் பொருளிலேயே பழைய சண்டையைத் தொடங்குவார். "குறிப்பில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறோம். முடிவை மாற்ற வேண்டுமானால் தனிப் பொருளாக எழுதிக் கொடுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் அமைதியாகிவிடும்.

ஏழாவது பொருளுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரிதான் நான் அறிவிப்பில் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. இதர பொருள்கள் என்ற கதவு வழியாகத்தான் எல்லாத் தவறும் உள்ளே வரும். வீட்டிலிருக்கும் உறுப்பினர் அந்தத் தாளைப் பார்த்து, பணம் போகும் விஷயம் எதுவும் இல்லை, நான் வராவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்கிறார். அவர் இல்லாதபோது கட்டடம் பழுதுபார்க்க இரண்டு லட்சம் என்று தீர்மானம் போட்டால் அது அவருக்குச் செய்யும் துரோகம்.

வரிசையிலும் ஒரு மாற்றம் செய்தோம். துணைவிதித் திருத்தம் போல வாக்குக் கணக்கு தேவைப்படும் பொருள் எந்த ஆண்டு வந்தாலும் அதை இரண்டாவதாக வைப்பது, அன்பளிப்பைக் கூட்டம் முடிந்த பிறகே கொடுப்பது. அன்பளிப்பைத் தள்ளியதற்கு முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அந்த ஆண்டு நன்றியுரை வரை 120 பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

பங்கு ஈவில் ஒரு மூத்தவர் கேட்ட கேள்வி

நாலாவது பொருளில் எங்கள் பழைய தீர்மானம் ஒரே வரி: "2017-18ஆம் ஆண்டுக்கு 12 சதவீதம் டிவிடெண்ட் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2017 டிசம்பர் கடைசியில் ஓய்வுபெற்றுப் பங்குத் தொகையைத் திரும்ப வாங்கிப்போன மூத்தவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, ஏப்ரல்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஒம்பது மாசம் என் பணம் சங்கத்துலதான இருந்துச்சு. அதுக்கு ஈவு உண்டா இல்லையா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தீர்மானத்திலும் இல்லை, விதியிலும் தெளிவாக இல்லை. கொடுத்தால் எந்த அதிகாரத்தில் கொடுத்தாய் என்று தணிக்கை கேட்கும், கொடுக்காவிட்டால் அவர் கேட்பது நியாயம். கடைசியில் நிர்வாகக் குழு அவருக்கு எதுவும் கொடுக்க முடியாது என்று சொன்னது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அந்தத் தொகை சிறியது. முப்பது ஆண்டு சந்தா கட்டியவர் அவர்.

2019-இல் அந்தத் தீர்மானத்தை இப்படி எழுதினோம்:

> தீர்மானம் எண் 4. தணிக்கையில் உறுதி செய்யப்பட்ட 2018-19 நிகர லாபத்தை இணைப்பு 3-இல் கண்டவாறு, சட்டப்படியும் துணைவிதிப்படியும் ஒதுக்கவேண்டிய நிதிகளுக்கு முதலில் ஒதுக்கி, மீதியிலிருந்து செலுத்தப்பட்ட பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வீதம் பங்கு ஈவு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.
>
> ஆண்டின் இடையில் செலுத்தப்பட்ட அல்லது திரும்பப் பெறப்பட்ட பங்குத் தொகைக்கு, அது சங்கத்தில் இருந்த முழு மாதங்களுக்கு மட்டும் ஈவு கணக்கிடப்படும். இறந்த உறுப்பினரின் ஈவு அவருடைய நியமனதாரருக்கு வழங்கப்படும்.
>
> இவ்வகையில் மொத்தச் செலவு ரூ.4,94,400-க்கு மிகாமல் இருக்க வேண்டும். 31.10.2019-க்குள் உறுப்பினர் கணக்கில் வரவு வைக்கச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது.

4,94,400 எங்கிருந்து வந்தது என்றால், ஆண்டு இறுதியில் பங்குத் தொகை 41,20,000, அதற்கு 12 சதவீதம். இடையில் சேர்ந்த தொகைக்கு முழு ஆண்டு ஈவு வராததால், இடையில் விலகியவர்களின் சிறு தொகையைச் சேர்த்தாலும் உண்மைச் செலவு இதற்குள் வரும் என்று உறுப்பினர்வாரியாகப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் "மிகாமல்" என்று எழுதினோம். எங்கள் துணைவிதியில் ஈவின் உச்சம் 14 சதவீதம். கூட்டத்தில் சிலர் 14 கேட்டார்கள். அப்படிக் கொடுத்தால் 5,76,800 ஆகும், ஒதுக்கீடு போக மீதி இருந்ததோ 5,31,000. இணைப்பு 3 கையில் இருந்ததால் அவர்களே கணக்குப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எல்லாப் பொருளுக்கும் இந்த வரைவுத் தீர்மானங்களைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி, எண்களுக்கு மட்டும் இடம் விட்டுத் தலைவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் வாக்கெடுப்புக்கு விடும்போது அந்த வாசகத்தைத்தான் வாசிப்பார். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு நான் இரவு வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக வாக்கியம் அமைத்த காலம் முடிந்தது. கூட்டம் முடிந்த அன்றே எண்களை நிரப்பி, பக்கங்களுக்கு வரிசை எண் போட்டு, மிச்ச இடத்தைக் குறுக்குக் கோடு இழுத்து அடைத்து, தலைவரும் நானும் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

கடன் வரம்புத் திருத்தம் 2019 மார்ச்சில் பதிவாகி வந்தது. ஒரு கேள்வியும் இல்லை. பதிவு ஆணையின் நகலை எடுத்து, சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தில் 31-ஆவது விதி இருந்த பக்கத்தில் ஒட்டினேன். அன்று மாலையே அந்த 32,000 ஊதியக்காரர் எட்டு லட்சத்துக்கு விண்ணப்பத்தோடு வந்தார், ஜாமீனுக்கு மூன்று பேரையும் கூடவே அழைத்துக்கொண்டு.